எந்த ஊர் ஏழு மணி?

"சனிக்கிழமை மாலை 7 மணிக்குக் கல்வெட்டு வாசிப்பு வகுப்பு. ஜூமில் நடைபெறும். அனைவரும் வருக." சென்னையிலிருந்து இப்படி ஓர் அழைப்பு வாட்ஸ்அப்பில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அழகான படம், பேச்சாளரின் முகம், கீழே பொடி எழுத்தில் இணைப்பு. அரை மணி நேரத்தில் அது யாழ்ப்பாணம், சிங்கப்பூர், லண்டன், டொரொன்டோ, மெல்பர்ன் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். யாழ்ப்பாணத்தில் சிக்கல் இல்லை. இலங்கையின் கடிகாரமும் இந்தியாவின் கடிகாரமும் ஒன்றே. மற்ற ஊர்க்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, அது தங்கள் ஊர் ஏழு மணியா சென்னை ஏழு மணியா என்று யோசிக்கத் தொடங்குவார்கள். படத்தில் அச்சாகியிருக்கும் இணைப்பை விரலால் தொட்டால் திறக்கவும் திறக்காது. அதை எழுத்தாகத் தனியே அனுப்பியிருக்க வேண்டும்.

உலகக் கடிகாரங்களை எல்லாம் ஒப்பிடுவதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. அதன் பெயர் யூடிசி. முன்பு கிரீன்விச் நேரம் என்று சொல்லிவந்ததற்கு ஏறக்குறைய நிகரானது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே சென்னையில் மாலை 7 என்பது யூடிசியில் பிற்பகல் 1.30. இந்த ஓர் எண் கையில் இருந்தால் மற்ற ஊர்களைக் கணக்கிட்டுவிடலாம். 2026 மார்ச் 7, சனிக்கிழமையை எடுத்துக்கொண்டால் அந்த நொடியில் லண்டனில் பிற்பகல் 1.30, டொரொன்டோவில் காலை 8.30, சிங்கப்பூரில் இரவு 9.30. மெல்பர்னில் நள்ளிரவு தாண்டி 12.30 ஆகிவிடும்.

ஒரே ஒரு நிகழ்ச்சி என்றால் இத்தோடு முடிந்தது. வாராவாரம் நடக்கும் வகுப்பு என்றால்தான் வேலை இருக்கிறது.

அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கின்றன. 2026-இல் அது மார்ச் 8, அதாவது முதல் வகுப்புக்கு மறுநாள். அடுத்த சனிக்கிழமை சென்னையில் அதே 7 மணிக்கு வகுப்பு தொடங்கும்போது டொரொன்டோவில் 9.30 ஆகியிருக்கும். லண்டன் மட்டும் பழைய 1.30-லேயே நிற்கும், ஏனென்றால் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் மார்ச்சின் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கின்றன. மார்ச் 29-க்குப் பிறகு லண்டன் நேரம் 2.30 ஆகிறது. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 5 அன்று, மெல்பர்னும் சிட்னியும் எதிர்த்திசையில் நகர்கின்றன. அங்கே கோடை முடிகிறது, கடிகாரம் ஒரு மணி பின்னால் போகிறது. இந்தியாவும் இலங்கையும் சிங்கப்பூரும் எதையும் மாற்றுவதில்லை. ஆக, சென்னை அமைப்பாளர் தம் கடிகாரத்தைத் தொடவே இல்லை, ஆனால் ஐந்து வாரங்களுக்குள் அவருடைய மாணவர்களில் மூன்று ஊர்க்காரர்களுக்கு வகுப்பு நேரம் மாறிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. டொரொன்டோக்காரர் பழைய நினைவில் 8.30-க்கே வந்தால் ஒரு மணி நேரம் சீக்கிரம் வந்திருப்பார். காத்திருப்பார், நஷ்டமில்லை. மெல்பர்ன்காரருக்கு ஏப்ரல் 11 வகுப்பு இரவு 11.30-க்கே தொடங்கிவிடும். அவர் பழக்கப்படி 12.30-க்கு நுழைந்தால், ஒன்றரை மணி நேர வகுப்பில் மிச்சமிருப்பது அரை மணிதான். கடிகாரம் பின்னால் போகிற ஊர்தான் வகுப்பை இழக்கிறது. கூடுதல் நினைவூட்டல் அனுப்ப ஒரே ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், அந்த ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

மெல்பர்னுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நள்ளிரவு 12.30 என்பது நாட்காட்டியில் ஞாயிறு. நம் பேச்சு வழக்கிலோ அது சனிக்கிழமை ராத்திரி. அழைப்பில் "ஞாயிறு 12.30" என்று மட்டும் போட்டால் ஒருவர் ஞாயிறு மதியம் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் ஞாயிறு இரவு தூங்காமல் விழித்திருப்பார். "மார்ச் 7 சனி இரவு, விடிந்தால் ஞாயிறு, 12.30" என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. கிராமத்துக் கூத்து நோட்டீஸ்களில் பழகிய நடைதான் இது. இணைய வகுப்புக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

புலம்பெயர் தமிழர் நிகழ்ச்சிகளின் அறிவிப்புகளில் பல ஊர் நேரங்களை வரிசையாகப் போடும் நல்ல வழக்கம் இருக்கிறது. ஆனால் அங்கே "கனடா நேரம்", "ஆஸ்திரேலியா நேரம்" என்று நாட்டின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அந்த மார்ச் 7 அன்று டொரொன்டோவில் 8.30 என்றால் வான்கூவரில் விடியற்காலை 5.30. மெல்பர்னில் 12.30 என்றால் பிரிஸ்பேனில் 11.30, பெர்த்தில் 9.30. நாட்டுக்குப் பதிலாக நகரத்தின் பெயரைப் போட வேண்டும். ஆங்கிலச் சுருக்கெழுத்துகளையும் தவிர்ப்பது நல்லது. IST என்பது இந்தியருக்கு இந்திய நேரம், அயர்லாந்தில் இருப்பவருக்கு அந்நாட்டுக் கோடை நேரம், இஸ்ரேலில் இருப்பவருக்கு இஸ்ரேல் நேரம்.

நேரத்தை மனிதர்கள் கணக்கிடுவதைவிடக் கைப்பேசியே கணக்கிடுவது பாதுகாப்பு. அதற்கு வழி, அழைப்போடு நாட்காட்டிக் கோப்பு ஒன்றை இணைப்பது. பதிவு செய்தவருக்கு வரும் மின்னஞ்சலில் "நாட்காட்டியில் சேர்க்க" என்று ஒரு பொத்தான் இருக்குமே, அதன் பின்னால் இருப்பது இந்தக் கோப்புதான். அதைத் திறந்து பார்த்தால் தொடக்க நேரம் ஒரு வரியில் இருக்கும்:

```
DTSTART:20260314T133000Z
```

கடைசியில் நிற்கும் Z என்ற ஓர் எழுத்துதான் இது யூடிசி நேரம் என்று சொல்கிறது. அதைப் பார்த்து டொரொன்டோ கைப்பேசி 9.30 என்றும் சிங்கப்பூர் கைப்பேசி இரவு 9.30 என்றும் காட்டும். யூடிசிக்கு மாற்றாமல் ஊர்ப் பெயரோடும் எழுதலாம்:

```
DTSTART;TZID=Asia/Kolkata:20260314T190000
```

கோளாறு எப்போது வருகிறது? யாராவது கோப்பைக் கையால் தயாரிக்கும்போது Z-யையும் விட்டு, ஊர்ப் பெயரையும் விட்டு, வெறுமனே 190000 என்று எழுதினால் வருகிறது. அப்படி எழுதிய நேரம் எந்த ஊரையும் சேராது. எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் அந்த ஊர் மாலை 7 மணியாகவே காட்டும். அமைப்பாளர் சென்னையில் உட்கார்ந்து சோதித்தால் சரியாகவே தெரியும் என்பதால் பிழை கண்ணில் படுவதில்லை. கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. நிகழ்ச்சியைத் தம் நாட்காட்டியில் சேர்த்துவிட்டு, கைப்பேசி அமைப்பில் நேர மண்டலத்தைத் தற்காலிகமாக டொரொன்டோவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சி காலைக்கு நகர்ந்தால் கோப்பு சரி. 7 மணியிலேயே நின்றால் அனுப்பக் கூடாது.

கைப்பேசியை நம்பலாம் என்றாலும், அரசாங்கம் கடைசி நேரத்தில் மனம் மாறினால் அதுவும் தடுமாறும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, கோடை நேர மாற்றத்தை ரமலான் காரணமாக ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பதாகச் சில நாட்களுக்கு முன்புதான் அறிவித்தது. ஒரு சாரார் ஏற்கவில்லை. தாமாகவே நேரம் மாற்றிக்கொள்ளும் கருவிகளும் குழம்பின. ஒரே ஊரில் இரண்டு நேரங்கள் சில நாட்கள் புழங்கின, பிறகு அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பில் ஊர் நேரங்களோடு யூடிசி நேரத்தையும் ஒரு வரி சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். எந்த அரசு என்ன மாற்றினாலும் அந்த வரி மாறாது.

அடுத்தது நினைவூட்டல். வெபினார் சேவைகளில் ஒரு வாரம் முன், ஒரு நாள் முன், ஒரு மணி முன் என்று தானாக அனுப்பும் வசதி பொதுவாக இருக்கிறது. இவை தொடக்க நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதால் எல்லா ஊருக்கும் பொருந்தும். தவறு நேர்வது கையால் அனுப்பும் செய்தியில். சென்னை அமைப்பாளர் மார்ச் 7 காலை 9 மணிக்கு "இன்று மாலை சந்திப்போம்" என்று குழுவில் போடுகிறார். டொரொன்டோவில் அப்போது வெள்ளி இரவு 10.30. அங்கே "இன்று" முடியவே ஒன்றரை மணிதான் இருக்கிறது, "மாலை" முன்பே போய்விட்டது. ஆகவே இன்று, நாளை, மாலை போன்ற சொற்களை நினைவூட்டலில் பயன்படுத்தக் கூடாது. கிழமை, தேதி, நகரம், மணி நான்கையும் எழுத வேண்டும். அல்லது "இன்னும் ஒரு மணி நேரத்தில்" என்று மட்டும் எழுதலாம். அந்தச் சொற்கள் எந்த ஊரிலும் ஒரே பொருள்தான் தரும், சரியான நொடியில் போய்ச் சேர்ந்தால்.

ஒரு மணி முன் செல்லும் செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"கல்வெட்டு வாசிப்பு, இரண்டாம் வகுப்பு. இன்னும் ஒரு மணி நேரத்தில் தொடங்கும். மார்ச் 14 சனி: சென்னை, யாழ்ப்பாணம் மாலை 7.00. லண்டன் பிற்பகல் 1.30. டொரொன்டோ காலை 9.30 (கடந்த வாரத்தைவிட ஒரு மணி தள்ளி). சிங்கப்பூர் இரவு 9.30. மெல்பர்ன் சனி இரவு, விடிந்தால் ஞாயிறு, 12.30. யூடிசி 13.30. அரங்கு 15 நிமிடம் முன்பே திறக்கும். உங்கள் இணைப்பு கீழே."

இணைப்பு இந்தச் செய்தியிலேயே மறுபடியும் இருக்க வேண்டும். "முன்பு அனுப்பிய மின்னஞ்சலைப் பார்க்கவும்" என்றால், பாதிப் பேர் தேடிக் களைத்துப் போவார்கள். பதிவு செய்து பெறும் இணைப்பு பல சேவைகளில் அவரவருக்கே உரியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தம்பிக்கு அனுப்பினால் தம்பி அண்ணன் பெயரில் நுழைவார், வருகைக் கணக்கும் குழம்பும். தம்பிக்குப் பதிவுப் பக்கத்தின் இணைப்பைத்தான் அனுப்ப வேண்டும்.

முதன்முறை வருபவருக்கு இன்னும் இரண்டு செய்திகள் தேவை. செயலியை முந்தைய நாளே புதுப்பித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், தொடங்கும் நிமிடத்தில் புதுப்பிப்பு கேட்டால் பத்து நிமிடம் போய்விடும். வெபினாரில் பார்வையாளரின் கேமராவும் மைக்கும் இயல்பாகவே அணைந்திருக்கும், கேள்வியை எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்பதையும் முன்கூட்டிச் சொன்னால், "என் குரல் போகவில்லை" என்று வெளியேறி மறுபடி நுழைபவர்கள் குறைவார்கள். அரங்கு திறக்கும் நேரத்தைச் சொல்வதும் முக்கியம். சீக்கிரம் வந்தவர் திரையில் வெறும் காத்திருப்பு அறிவிப்பைப் பார்க்கிறார். நேரம் தவறா, இணைப்பு தவறா என்று அவருக்குத் தெரியாது. திறக்கும் நேரம் கையில் இருந்தால் பொறுமையாக இருப்பார்.

2026 அக்டோபரில் தொடர் வகுப்பு நடத்தத் திட்டமிடுகிறவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். அக்டோபர் 4 அன்று மெல்பர்னும் சிட்னியும் முன்னே நகரும். அக்டோபர் 25 அன்று லண்டனும், நவம்பர் 1 அன்று டொரொன்டோவும் பின்னே வரும். இம்முறை வகுப்பைத் தவறவிடக்கூடியவர்கள் லண்டன்காரர்களும் டொரொன்டோக்காரர்களும். கூடுதல் நினைவூட்டலை அவர்களுக்கு அனுப்புங்கள்.