பட்ஜெட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ‘ஏன்’

நிதி கேட்டு அனுப்பும் விருப்பக் கடிதத்தில் பட்ஜெட்டை மொத்தத் தொகையா எழுதினா நிற்காது. வங்கியில் கடன் மனுவை நாங்க பார்த்ததும் இப்படித்தான்: எண்ணிக்கை, விலை, காரணம்.

ஒரு சின்ன அறக்கட்டளை மாப்பிள்ளைச் சம்பா விதையைப் பெருக்க 44,400 ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

விதை: 20 விவசாயிகள், ஆளுக்கு அரை ஏக்கர். ஒற்றை நாற்று நடவு என்பதால் ஏக்கருக்கு 3 கிலோ போதும். 30 கிலோ, கிலோ 80 ரூபாய், ஆக 2,400.

ஈரப்பதமானி: ஒன்று, 12,000, கடையின் விலைப்புள்ளி இணைப்பில். விதைநெல்லில் ஈரம் 13 சதவீதத்தைத் தாண்டினா சேமிப்பில் பூச்சி விழும், முளைப்பு குறையும்.

களப்பணியாளர்: மாதம் 10 நாள், 6 மாதம், நாளுக்கு 500, ஆக 30,000. இது ஏறக்குறைய 160 நாள் பயிர். பூக்கும்போதும் கதிர் முற்றும்போதும் வயல் வயலாப் போய் கலவன் பிடுங்கணும்.

நிதி குறைஞ்சு 15 விவசாயிகள்னு ஆனா விதைச் செலவு 1,800 ஆகும், ஈரப்பதமானி குறையாது. எதை வெட்டலாம், எதை வெட்டினா வேலையே கெடும் என்பதைக் கொடுப்பவருக்கு அந்த வரியே சொல்லிடணும். ‘இதர செலவு’ என்ற வரியால் அதைச் சொல்ல முடியாது.