புரோமினின் அரை அடுக்கு

ஹைட்ரஜனும் புரோமினும் சேர்ந்து ஹைட்ரஜன் புரோமைடு உண்டாகும் வினையை எழுத ஒரு வரி போதும்.

H2 + Br2 → 2HBr

ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு புரோமின் மூலக்கூறும் மோதியதுமே வினை முடிந்துவிடுமானால், வேகம் [H2][Br2] என்ற பெருக்கலுக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். ஜெர்மன் வேதியியலாளர் மாக்ஸ் போடன்ஸ்டைன், ஹைட்ரஜன்–அயோடின் வினையில் அத்தகைய எளிய விதியையே முன்னர் கண்டிருந்தார். 1906-07 ஆண்டுகளில் சாமுவேல் லிண்டுடன் சேர்ந்து அவர் புரோமின் வினையை 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் அளந்தபோது கிடைத்ததோ இது:

வேகம் = k[H2][Br2]^(1/2) / (1 + k'[HBr]/[Br2])

இதில் இரண்டு புதிர்கள் உள்ளன. புரோமினுக்கு எப்படி அரை அடுக்கு வந்தது? வினையில் விளைந்த HBr ஏன் பகுதியில் உட்கார்ந்து வினையைத் தடுக்கிறது? கிட்டத்தட்ட 13 ஆண்டுகள் கழித்து, 1919-20இல், கிறிஸ்டியன்சென், ஹெர்ட்ஸ்ஃபெல்டு, போலானி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த விடைக்கு வழிவிட்ட கணக்குமுறைதான் நிலைத்த நிலைத் தோராயம். இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படும் வருவிப்பும் இதுவே.

அவர்கள் சொன்ன வழிமுறையில் ஐந்து படிகள் உள்ளன.

1. Br2 → 2Br (k1)
2. Br + H2 → HBr + H (k2)
3. H + Br2 → HBr + Br (k3)
4. H + HBr → H2 + Br (k4)
5. 2Br → Br2 (k5)

முதல் படியில் புரோமின் பிளப்பதற்கும் ஹைட்ரஜன் பிளக்காததற்கும் காரணம் பிணைப்பின் வலிமை. Br–Br பிணைப்பை உடைக்க மோலுக்கு சுமார் 193 கிலோஜூல் போதும். H–H பிணைப்புக்கு 436 கிலோஜூல் வேண்டும். இரண்டாம், மூன்றாம் படிகள் மாறிமாறி நடந்து சங்கிலியை நீட்டுகின்றன. இரண்டாம் படியில் செலவான Br அணு மூன்றாம் படியில் திரும்பக் கிடைத்துவிடுகிறது. நான்காம் படி இரண்டாம் படியின் எதிர்வினை. உண்டான HBr-ஐ அது அழிக்கிறது. ஐந்தாம் படியில் சங்கிலி அறுந்துபோகிறது. முதல், ஐந்தாம் படிகளுக்கு மோதலில் துணைநிற்கும் மூன்றாவது மூலக்கூறு ஒன்றும் தேவை. இரண்டிலும் அது ஒரேபோல் வருவதால் விடையில் அடிபட்டுப்போகும். அதனால் இங்கே எழுதவில்லை.

படிகளைப் பார்த்து HBr உண்டாகும் வேகத்தை எழுதலாம். இரண்டு படிகள் அதைத் தருகின்றன, ஒரு படி எடுத்துக்கொள்கிறது.

d[HBr]/dt = k2[Br][H2] + k3[H][Br2] − k4[H][HBr] … (அ)

சிக்கல் இங்கேதான். [H], [Br] இரண்டும் இடைநிலைப் பொருள்களின் செறிவுகள். குடுவையில் நாம் நிரப்பியவை அல்ல. சோதனையில் கண்ட விதியிலும் அவை இல்லை. அவற்றை நீக்கியாக வேண்டும்.

இந்த அணுக்கள் உண்டான வேகத்திலேயே வேறொன்றோடு வினைபுரிந்து மறைந்துவிடுகின்றன, ஒருபோதும் குவிவதில்லை. அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டால், சற்று நேரத்தில் நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்கும். வரவும் செலவும் சமமாகிவிடும். குழாயை மெல்ல மெல்ல மூடினால் மட்டமும் மெல்ல இறங்கும், ஆனாலும் எந்த நொடியிலும் வரவும் செலவும் ஏறத்தாழ சமமே. இடைநிலைப் பொருளின் நிலையும் இதுதான். அதன் செறிவு மாறவே மாறாது என்று தோராயம் சொல்லவில்லை. உண்டாகும் வேகம், அழியும் வேகம் ஆகிய இரண்டோடு ஒப்பிட்டால் அவற்றின் வித்தியாசம் மிகச் சிறியது, அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. வினை தொடங்கிய உடனே, அணுக்கள் சேர்ந்துகொண்டிருக்கும் குறுகிய நேரத்துக்கு இது பொருந்தாது.

ஹைட்ரஜன் அணுவுக்கு வரவு ஒன்று, செலவு இரண்டு.

k2[Br][H2] − k3[H][Br2] − k4[H][HBr] = 0 … (ஆ)

புரோமின் அணுவுக்கு ஐந்து படிகளிலும் பங்கு உண்டு. முதல் படி ஒரு தடவை நடந்தால் இரண்டு அணுக்கள் வரும். ஐந்தாம் படியில் இரண்டு போகும்.

2k1[Br2] − k2[Br][H2] + k3[H][Br2] + k4[H][HBr] − 2k5[Br]^2 = 0 … (இ)

மாணவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் இழப்பது இந்த இரண்டு 2-களில்தான். ஒன்றை எழுதி மற்றதை விட்டால் இறுதி மாறிலி தவறாகிவிடும்.

இனி (ஆ), (இ) இரண்டையும் கூட்டுங்கள். சங்கிலியை நீட்டும் உறுப்புகள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, தொடக்கமும் முடிவும் மட்டும் மிஞ்சும்: k1[Br2] = k5[Br]^2. ஆகவே

[Br] = (k1/k5)^(1/2) [Br2]^(1/2)

முதல் புதிர் அவிழ்ந்தது. அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மறைவதால் [Br] இருபடியாக வருகிறது. அதன் வர்க்கமூலமே அந்த அரை அடுக்கு.

(ஆ)-வைக் கொண்டு [H]-ஐயும் எழுதலாம்.

[H] = k2[Br][H2] / (k3[Br2] + k4[HBr])

(அ)-வில் k2[Br][H2] என்ற உறுப்புக்குப் பதிலாக (ஆ) தரும் சமமானதை வைத்தால் k4 உறுப்புகள் நீங்கி, d[HBr]/dt = 2k3[H][Br2] என்று சுருங்கும். [H], [Br] மதிப்புகளை இட்டு, மேலும் கீழும் k3[Br2]-ஆல் வகுத்தால்

d[HBr]/dt = 2k2(k1/k5)^(1/2) [H2][Br2]^(1/2) / (1 + (k4/k3)[HBr]/[Br2])

சோதனை விதியோடு ஒப்பிட்டால் k = 2k2(k1/k5)^(1/2), k' = k4/k3. இந்த ஒப்பீட்டைக் கடைசி வரியாக எழுதினால்தான் விடை முழுமையாகும். இரண்டாவது புதிருக்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரு H அணுவுக்கு Br2-வும் HBr-உம் போட்டியிடுகின்றன. Br2 வென்றால் விளைபொருள் கூடும். HBr வென்றால் குறையும்.

விடை சரியா என்று எல்லைகளில் வைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் HBr இல்லை. பகுதி 1 ஆகி, வினைவகை 1½ என்று வருகிறது. k' மதிப்பு சுமார் 0.1. எனவே [HBr] புரோமினைப் போல 10 மடங்கு ஆகும்போதுதான் பகுதி 2 ஆகும். HBr இல்லாமல் தொடங்கிய கலவையில் அது நடக்க, ஏறத்தாழ 83 சதவீதப் புரோமின் தீர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே HBr சேர்த்துத் தொடங்கினால் தடை முதலிலிருந்தே தெரியும்.

சோதனையோடு பொருந்துவதாலேயே வழிமுறை நிரூபணமாகிவிடாது. வேறொரு வழிமுறையும் இதே விதியைத் தரக்கூடும். வேக அளவீட்டிலிருந்து கிடைப்பதும் ஐந்து மாறிலிகள் அல்ல, அவற்றின் இரண்டு சேர்க்கைகள் மட்டுமே. ஆனால் விதியின் வடிவத்துக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. அளவீட்டில் k' வெப்பநிலையோடு ஏறக்குறைய மாறவேயில்லை. k3, k4 இரண்டும் வேகமான H அணுவின் வினைகள். அவற்றின் கிளர்வு ஆற்றல்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. அதனால் அவற்றின் விகிதம் வெப்பநிலைக்கு அசைந்துகொடுப்பதில்லை. அந்த மாறாத 0.1, குடுவையில் யாரும் கண்ணால் காணாத H அணுவைப் பற்றிய செய்தி.