திரையில் தெரியும் ரவிக்கை தோளில் நிற்குமா?

முகூர்த்தப் புடவை எடுத்தாயிற்று. ரவிக்கைக்கு எந்தக் கழுத்து, எவ்வளவு கை என்பதுதான் பாக்கி. சில தையல் கடைகளின் இணையதளத்தில் உங்கள் படத்தையும் துணியின் படத்தையும் ஏற்றி மாடலைத் தேர்ந்தெடுத்தால், தைத்துப் போட்டுக்கொண்டது போலவே ஒரு படம் வந்துவிடுகிறது. ‘முன்னோட்டம்’ என்று அதற்குப் பெயர். அதைப் பற்றி எழும் சில கேள்விகளுக்கு இதோ பதில்.

இந்தப் படம் எப்படி உருவாகிறது?

உங்கள் படத்தில் தோள், முழங்கை, இடுப்பு எங்கே இருக்கின்றன என்று மென்பொருள் முதலில் அடையாளம் காண்கிறது. நீங்கள் போட்டிருக்கும் உடையை அழித்துவிட்டு, தேர்ந்தெடுத்த மாடலை நீங்கள் நிற்கும் கோணத்துக்கு ஏற்ப வளைத்து அந்த இடத்தில் பொருத்துகிறது. மடிப்பும் நிழலும் அது பழகிய ஏராளமான படங்களை வைத்து ஊகித்து வரைபவை. கூந்தல் மறைத்த தோளையும், நீங்கள் அனுப்பாத முதுகுப் பக்கத்தையும்கூட ஊகித்தே வரையும்.

படத்தில் கச்சிதமாக இருக்கிறதே, பிறகு அளவு எதற்கு?

படத்தில் சுற்றளவு இல்லை. மார்புச் சுற்று 34 அங்குலமா 36 அங்குலமா என்பது அதற்குத் தெரியாது; இறுக்கமும் தெரியாது. எந்த மாடலையும் உங்கள் உடம்பில் ஒட்டவைத்தே காட்டும்.

பின் கழுத்தை 10 அங்குலம் இறக்கிக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். படத்தில் தோள் அசையாமல் நிற்கும். போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் தோள் நழுவும்; இழுத்துப் பிடிக்க முதுகில் துணி இல்லை. இதற்காகத்தான் தையல்காரர் தோள் அளவைக் குறைத்து, கழுத்தின் அகலத்தையும் அடக்கி, பின்னால் கயிறு வைக்கிறார். நீங்கள் கொடுக்கும் அளவு ஜாக்கெட்டில் பின் கழுத்து 6 அங்குலம்தான் என்றால், அதன் தோள் அளவை அப்படியே எடுக்க முடியாது. ஆழக் கழுத்து வேண்டும் என்பதை அளவு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கையிலும் முதுகிலும் பார்டர் வைத்துக் காட்டியது. கடையில் துணி போதாது என்கிறார்களே?

திரையில் துணி தீராது, கத்தரிக்கோலுக்குத் தீரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புடவையோடு வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 செ.மீ., அதாவது சுமார் 31½ அங்குலம். பெரிய பார்டர் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், கிடைக்கும் பார்டரின் நீளமும் அவ்வளவுதான். கையின் மேல்சுற்று 13 அங்குலம் உள்ளவருக்குத் தையலுக்கும், பின்னால் பிரித்துவிடுவதற்கும் சேர்த்து ஒரு கைக்குச் சுமார் 15½ அங்குல அகலம் வேண்டும். இரண்டு கைக்கு 31. மிச்சம் அரை அங்குலம். முதுகுக்குப் பார்டர் எங்கிருந்து வரும்? இரண்டு பக்கமும் ஒரே பார்டர் இருந்தால் மறுபக்கத்திலிருந்து எடுக்கலாம்.

பார்டரின் அகலத்திலும் படம் ஏமாற்றும். துணிப் படத்தில் அளவுகோல் இல்லாததால் 5 அங்குலப் பார்டர் 3 அங்குலம் போலத் தெரியலாம். இன்ச் டேப்பைப் பார்டர்மேல் குறுக்கே வைத்து இன்னொரு படம் எடுத்து, தையல்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

நிறம் ஏன் மாறித் தெரிகிறது?

மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் வெள்ளைச் சரிகையும் தங்கச் சரிகை போல் தெரியும். போனுக்குப் போன் திரையும் மாறும். பட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. மயில்கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். துணி அசையும்போது நிறம் மாறுவதே அதன் அழகு. அசையாத படத்தில் அதில் ஒரு நிறம்தான் மிஞ்சும். லைனிங்கும் நூலும் வாங்கப் புடவையையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்படியானால் இதனால் என்ன பயன்?

தேர்ந்தெடுப்பதற்குப் பயன்படும். உங்கள் முகத்துக்கு வட்டக் கழுத்தா, படகுக் கழுத்தா. கை முழங்கை வரையா, அதற்கு மேலேயா. எதிர் நிறம் எடுபடுமா என்பதையெல்லாம் இரண்டு மூன்று படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் முடிவு செய்துவிடலாம். நல்ல பகல் வெளிச்சத்தில், கூந்தலைப் பின்னால் தள்ளி, கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி, நேராக நின்று படம் எடுங்கள். துப்பட்டாவோ தொளதொள உடையோ வேண்டாம்.

பிடித்த படத்தைத் தையல்காரரிடம் காட்டி, “இந்தத் துணியில் இது வருமா?” என்று கேளுங்கள். அவர் துணியை விரித்து டேப் வைத்துப் பார்த்து, “வரும்” என்று சொன்ன பிறகு வெட்டக் கொடுங்கள். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது.