காது ஓரத்துப் பொருக்கு

கால்நடை மருத்துவமனைகளின் காத்திருப்பு பெஞ்சில் அடிக்கடி பார்க்கக்கூடிய ஒரு நாயை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயது நாட்டு நாய். சென்னைப் புறநகரில் ஒரு வீட்டில் வளர்கிறது. இரண்டு மாதமாகச் சொறிந்துகொண்டே இருக்கிறது. முழங்கைகளில் முடி கொட்டித் தோல் தடித்துவிட்டது. காது மடலின் ஓரத்தில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறப் பொருக்கு. நகத்தால் தொட்டால் உதிர்கிறது.

வீட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் ‘அலர்ஜி’ என்றார், சிக்கனை நிறுத்தினார்கள். இன்னொருவர் ‘சொறி’ என்றார், வேப்பெண்ணெய் தடவினார்கள். பக்கத்துத் தெருவில் ஓர் ஊசி போட்டார்கள். பத்து நாள் நாய் நிம்மதியாகத் தூங்கியது. பதினொன்றாம் நாள் அரிப்பு முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தது.

அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருந்திருக்கும். அரிப்பு எதனால் வந்தாலும் அதை அது அடக்கிவிடும். காரணத்தைத் தொடாது. சிற்றுண்ணியால் வந்த நோயாக இருந்தால், தோலின் எதிர்ப்பை அடக்கி உண்ணி பெருகவும் வழிவிடும். அதனால்தான் விவரமான டாக்டர் மருந்தை எடுக்கும் முன் கேள்வி கேட்கிறார்.

“ஊசி போட்டப்போ சுத்தமா நின்னுதா, இல்ல கொஞ்சம் குறைஞ்சுதா?”

“கொஞ்சம் குறைஞ்சுது டாக்டர். ராத்திரி மட்டும் சொறிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு.”

“வீட்ல வேற யாருக்காவது அரிப்பு இருக்கா?”

அந்தம்மா ஒரு கணம் தயங்கிவிட்டு முழங்கையை நீட்டிக் காட்டுகிறார். உள்பக்கம் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள். இடுப்பிலும் இருக்கிறதாம். கொசுக்கடி என்று நினைத்திருந்தாராம். நாய் மடியில் படுக்கும்போது உடம்பு படும் இடங்கள் அவை.

இந்தப் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அலர்ஜி நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. ‘சார்கோப்டிஸ்’ என்னும் சிற்றுண்ணி தொற்றும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தப் பூச்சியின் பெண், தோலின் மேலடுக்கில் சுரங்கம் குடைந்து அதற்குள் முட்டையிடுகிறது. முட்டை வளர்ந்த பூச்சியாக மூன்று வாரம் வரை ஆகும். அது நடமாட விரும்புவது முடி குறைவான இடங்களில்: காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, அடிவயிறு. நோய் முற்றும்வரை முதுகுப் பக்கம் பெரும்பாலும் தப்பிக்கிறது. நம் நாயின் புண்கள் எல்லாம் சரியாக இந்த இடங்களில்தான்.

அடுத்து டாக்டர் ஒரு சின்னச் சோதனை செய்கிறார். கருவி எதுவும் வேண்டாம். நாயின் காது நுனியை மடித்து, மடலை மடலோடு சேர்த்து விரல்களுக்கு இடையில் ஐந்தாறு விநாடி தேய்க்கிறார். நாய் அந்தப் பக்கத்துப் பின்னங்காலைத் தூக்கிக் காற்றில் சொறிகிறது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், தோல் நோயோடு வந்த 588 நாய்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். சார்கோப்டிஸ் சொறி இருந்த நாய்களில் நூற்றுக்கு 82 இப்படிக் காலைத் தூக்கின. வேறு தோல் நோய் இருந்தவற்றில் நூற்றுக்கு ஆறுதான் தூக்கின. இதை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் வலுக்கிறது.

பிறகுதான் தோல் சுரண்டல். ‘ஸ்கிராப்பிங்’ என்று இதைச் சொல்வார்கள். இதில் கைப்பக்குவம் முக்கியம். நாய் கடித்துக் குதறி ரத்தம் கசியும் இடத்தில் சுரண்டிப் பயனில்லை. அங்கே இருந்த பூச்சியை நாயே நகத்தால் பிய்த்து எறிந்திருக்கும். இன்னும் கை படாத பொருக்காகப் பார்த்துக் காது ஓரத்திலும் முழங்கையிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். முடியை ஓட்ட வெட்டிவிட்டு, இரண்டு சொட்டு லிக்விட் பாரபின் விட்டு, முனை மழுங்கிய பிளேடால் அகலமாகவும் மேலாகவும் வழித்தெடுத்து ஸ்லைடில் பரப்பி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஓர் இடம் போதாது. ஏழெட்டு இடமாவது வேண்டும். ஒரே ஒரு பூச்சி, ஒரு முட்டை தெரிந்தால் போதும், நோய் உறுதி.

ஒன்றுமே தெரியாவிட்டால்? இங்கேதான் பல நாய்களின் கதை தடம் மாறுகிறது. உண்மையிலேயே சார்கோப்டிஸ் இருக்கும் நாய்களிலும், பாதிக்கும் குறைவானவற்றில்தான் சுரண்டலில் பூச்சி அகப்படுகிறது என்பது தோல் மருத்துவர்களின் பொதுவான அனுபவம். காரணம் எளிது. அரிப்பு, பூச்சிகளின் எண்ணிக்கையால் வருவதைவிட அவற்றின் உடலுக்கும் கழிவுக்கும் நாயின் தோல் காட்டும் எதிர்ப்பால் வருவதே அதிகம். உடம்பு முழுக்கப் பத்து இருபது பூச்சிகளே இருந்தாலும் நாய் இரவெல்லாம் தூங்காது. அவ்வளவு பெரிய உடம்பில் அந்தப் பத்தை பிளேடு தொடாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்று வந்ததும், “அப்போ அலர்ஜிதான்” என்று மாத மாதம் ஸ்டீராய்டு தொடங்கிவிடுகிறது. ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தால் குழப்பம் இன்னும் கூடும். வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணியும் சார்கோப்டிஸும் உறவுக்காரர்கள். சொறி பிடித்த நாய்க்கும் ‘தூசி அலர்ஜி’ என்று ரிப்போர்ட் வரலாம். அந்த ரத்தப் பரிசோதனை அலர்ஜியைக் கண்டுபிடிப்பதற்கானது அல்ல. அலர்ஜி என்று வேறு வழிகளில் உறுதியான பிறகு, எதற்கு எதிராகத் தடுப்பு ஊசி தயாரிக்கலாம் என்று முடிவு செய்யத்தான் அது உதவும்.

ஆகவே அறிகுறிகள் பொருந்தினால், சுரண்டலில் பூச்சி தெரியாவிட்டாலும் சொறிக்கான மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதே சரியான வழி. இன்று இது எளிதாகிவிட்டது. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் தரும் மாத்திரைகளான ஃப்ளூரலானர், அஃபாக்ஸொலானர் வகைகள் சார்கோப்டிஸையும் கொல்கின்றன. வலிப்பு வந்த வரலாறு நாய்க்கு இருந்தால் மாத்திரை எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு வந்ததாக 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. பழைய ஐவர்மெக்டின் ஊசியும் வேலை செய்யும். ஆனால் கோலி போன்ற மேய்ச்சல் இன நாய்கள் பலவற்றில் ஒரு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினைக் கண் அளவில் நாய்க்குப் போடுவது எந்த இனத்துக்கும் கூடாது.

வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் மருந்து. ஒன்று சொறியவே இல்லை என்றாலும் அப்படித்தான். படுக்கைத் துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். அந்தம்மாவின் கொப்புளங்களுக்குத் தனி மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. நாய்ச் சொறி உண்ணியால் மனிதத் தோலில் நிலைத்துப் பெருக முடியாது. நாய் குணமானால் ஓரிரு வாரத்தில் அவருக்கும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அவர் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தெரு நாய்களுக்குச் சொறி கண்டால் கழித்த என்ஜின் ஆயிலைத் தடவும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. இரக்கத்தில் செய்கிறார்கள், ஆனால் இது நாயை விஷத்தில் முக்குவதுதான். கழித்த ஆயிலில் உலோகத் துகள்களும் எரிந்த கழிவுகளும் இருக்கும். வெடித்த தோல் வழியாக அவை உள்ளே போகும். மீதியை நாய் நக்கி விழுங்கும்.

எல்லாச் சொறியும் சார்கோப்டிஸ் அல்ல. ஐந்து மாதக் குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் காசு அளவுக்கு முடி கொட்டியிருக்கிறது, ஆனால் பெரிதாக அரிப்பு இல்லை என்றால் டாக்டரின் நினைப்பு ‘டெமோடெக்ஸ்’ பக்கம் போகும். முடி வேர்ப்பையில் வாழும், சுருட்டு வடிவச் சிற்றுண்ணி இது. பிறந்த சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருகிறது. மற்ற நாய்க்கோ மனிதருக்கோ தொற்றுவதில்லை. இங்கே சுரண்டும் விதமே வேறு: தோலை விரல்களால் பிழிந்து, லேசாக ரத்தம் கசியும் ஆழம்வரை சுரண்ட வேண்டும். பூச்சி பெரும்பாலும் சிக்கிவிடும். ஓரிரு இடங்களோடு நிற்கும் குட்டிகளுக்கு இது தானாகவே சரியாவது அதிகம். வளர்ந்த நாய்க்கு உடம்பெல்லாம் பரவினால் மட்டும், எதிர்ப்பாற்றல் எதனால் குறைந்தது என்று தைராய்டு, அட்ரீனல் கோளாறுகளையும், முன்பு தந்த ஸ்டீராய்டையும் தேட வேண்டியிருக்கும்.

அலர்ஜி வேறு இடங்களைத் தேர்ந்தெடுக்கிறது. தெள்ளுப்பூச்சிக் கடி ஒவ்வாமை வாலடியிலும் இடுப்பிலும் வரும். பூச்சியைப் பார்க்க முடியாவிட்டாலும் சீப்பால் வாரி விழும் கறுப்புத் துகளை ஈரத் துணியில் தேய்த்துப் பார்க்கலாம். சிவப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். சூழல் அலர்ஜி உள்ள நாய் பாதங்களை நக்கும், அக்குளும் தொடையிடுக்கும் சிவக்கும், காதுக்குள் அடிக்கடி சீழ் பிடிக்கும். அது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். அலர்ஜியில் பொருக்கு வருவது பெரும்பாலும் அதன் மேல் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஏறிக்கொண்டதால். அதனால் டாக்டர் டேப்பை ஒட்டி எடுத்துச் சாயமிட்டுப் பார்ப்பார். கிருமியைக் கவனிக்காமல் அலர்ஜி மருந்து மட்டும் கொடுத்தால் அரிப்பு நிற்காது. வட்ட வட்டமாக முடி போயிருந்தால் படர்தாமரைக்கும் சோதிப்பார்.

நம் நாய்க்குத் திரும்புவோம். முதல் மாத்திரைக்குப் பின் உடனே அரிப்பு நிற்காது. செத்த பூச்சியும் கழிவும் தோலிலேயே இருப்பதால் சில வாரம் இழுக்கும். இரண்டாம் மாத மாத்திரையின்போது காது ஓரப் பொருக்கு உதிர்ந்து, இரவில் தூக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால், சொறி என்ற சந்தேகத்தை ஒதுக்கிவிட்டு உணவுச் சோதனையைத் தொடங்கலாம். நாய் இதுவரை தின்றே பார்க்காத ஒரு புரதம், அல்லது புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த மருத்துவ உணவு, குறைந்தது எட்டு வாரம். முதல் ஒரு வாரம் சிக்கனை நிறுத்திப் பார்த்தார்களே, அது கணக்கில் வராது. அப்போதும் தயிர்சாதமும் பிஸ்கட்டும் போய்க்கொண்டிருந்தன. எட்டு வாரத்தில் அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு மறுபடி வந்தால்தான் உணவு அலர்ஜி என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவார்.