நேற்றைய கேன், இன்றைய பால்

சித்திரை பிறந்ததும் பால் திரிகிறது என்ற புகார் ஊருக்கு ஊர் கேட்கும். டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் வைத்ததும் திப்பி திப்பியாகப் பிரிந்துவிட்டது என்பார். சொசைட்டியில் கேனைத் திருப்பி அனுப்புவார்கள். மாடு வைத்திருப்பவர் வெயிலைக் காரணம் சொல்வார். ஆனால் ஒரே தெருவில், ஒரே நேரத்தில் கறந்த இரண்டு வீட்டுப் பாலில் ஒன்று தேறுகிறது, இன்னொன்று தேறுவதில்லை. வெயில் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். பெரும்பாலும் வித்தியாசம் இருப்பது வடிகட்டும் துணியிலும், பாலை ஊற்றி வைக்கும் கேனிலும்.

நோயில்லாத மடியிலிருந்து வரும் பாலில் பாக்டீரியா மிகக் குறைவு. காம்பு, கை, வாளி, துணி, கேன் என்று அது கடந்து வரும் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சேர்க்கிறது. கறந்த பாலின் சூடு 37, 38 டிகிரி. பாக்டீரியா பெருகுவதற்கு இதைவிட வசதியான சூடு வேண்டாம். நல்லவேளையாக, லாக்டோபெராக்சிடேஸ் என்ற நொதியை மையமாகக் கொண்ட இயற்கையான காப்பு ஒன்று பாலிலேயே இருக்கிறது. குளிரவைக்காத பாலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு அது பாக்டீரியாவைக் கட்டிப்போடும். பிறகு அவை வேகம் எடுத்து, பாலில் உள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றத் தொடங்கும்.

புதுப் பாலில் அமிலத்தன்மை ஏறக்குறைய 0.14 சதவீதம். அது 0.2 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தாலே, கொதிக்க வைக்கும்போது பால் திரியும். அந்த நிலையில் வாயில் வைத்தால் புளிப்பு தெரியாது, மூக்குக்கும் பெரிதாக எட்டாது. அதனால்தான் விற்றவருக்கு நன்றாகத் தெரிந்த பால், வாங்கியவரின் அடுப்பில் காட்டிக்கொடுக்கிறது. கேனைத் திறந்ததும் புளிப்பு வாடை அடித்தால், பால் கெட்டு வெகுநேரம் ஆகிவிட்டது என்று பொருள்.

தொடக்கத்தில் எத்தனை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு 10 லிட்டர் கறந்து, மறுநாள் காலை ஐந்து மணிக்கு டீக்கடைக்குக் கொடுக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான கேனில் ஊற்றிய பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு 10,000 பாக்டீரியா இருக்கிறது. சரியாகக் கழுவாத கேனில் அதே பாலில் 10 லட்சம். ஒரு கோடியை எட்டும்போது பால் திரியும் என்றும், கோடைகாலச் சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை எண்ணிக்கை இரட்டிக்கும் என்றும் கொள்வோம்.

இயற்கைக் காப்பு முடிந்த பிறகு, 10,000 ஒரு கோடியாக வளர பத்து முறை இரட்டிக்க வேண்டும். அதாவது ஐந்து மணி நேரம். 10 லட்சம் ஒரு கோடியாக மூன்றரை முறை கூடத் தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். அசல் எண்கள் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் விஷயம் மாறாது: அழுக்குக் கேன் நம் கையிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடுங்கிக்கொள்கிறது. சுத்தமான கேனும்கூட, பாலைக் குளிரவைக்காவிட்டால், விடியும்வரை தாங்காது என்பதையும் இதே கணக்கு சொல்கிறது.

வடிகட்டுவது எதற்கு?

முடி, வைக்கோல் துணுக்கு, ஈ, சாணத் துகள் இவற்றை எடுக்கத்தான் வடிகட்டுகிறோம். பாக்டீரியா எந்தத் துணியின் இழையிலும் நிற்காது. சாணத் துகள் பாலில் விழுந்து ஊறிக் கரைந்துவிட்டால், அதிலிருந்த கிருமி பாலோடு போய்விடும். துணியில் நார் மட்டும் மிஞ்சும். ஆகவே எல்லா மாட்டையும் கறந்து முடித்த பிறகு மொத்தமாக வடிகட்டுவதைவிட, ஒவ்வொரு மாட்டுப் பாலையும் கறந்த கையோடு வடிகட்டி ஊற்றுவது மேல். துணியில் தேங்கிய அழுக்கின் மேலேயே அடுத்த வாளியையும் ஊற்றினால், முதல் மாட்டின் அழுக்கை இரண்டாவது பாலில் கழுவி விடுகிறோம். துணியை மாற்ற வேண்டும். குறைந்தது அலசவாவது வேண்டும்.

காலையில் வடிகட்டிய துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தொழுவத்து ஆணியில் மாட்டி, சாயங்காலம் ஈரம் காயாமல் எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பகல் முழுவதும் பாக்டீரியா வளர்ந்த அந்தத் துணி வழியாகப் பாலை ஊற்றுவதற்கு வடிகட்டாமலே இருந்துவிடலாம். கறவை முடிந்ததும் துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் மொடமொடப்பாகக் காய விட வேண்டும். மழைக்காலத்தில் காயாது என்பதால் நான்கைந்து துணிகள் கைவசம் இருப்பது நல்லது.

தண்ணீர் எவ்வளவு குளிர்விக்கும்?

பால் கேனைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைப்பது பழைய வழி. அதில் இரண்டு விஷயங்கள் தவறிப்போகின்றன. தொட்டித் தண்ணீர் கேனுக்குள் இருக்கும் பாலின் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். பாதி உயரம் மட்டும் நின்றால் மேல்பாதி சூடாகவே இருக்கும். இரண்டாவது, பாலைக் கிளற வேண்டும். ஓரத்துப் பால் குளிர்ந்தாலும் நடுவில் இருப்பது வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். வெந்நீரில் முக்கி எடுத்த நீளமான எவர்சில்வர் கரண்டியால் முதல் அரை மணி நேரத்தில் சில தடவை கிளறினால் போதும்.

இப்படிச் செய்தால் எவ்வளவு குளிரும்? 37 டிகிரியில் 10 லிட்டர் பால், 27 டிகிரியில் 30 லிட்டர் கிணற்றுத் தண்ணீர். சூடு இரண்டுக்கும் பங்காகி, ஏறக்குறைய 29 டிகிரியில் நிற்கும். அதற்குக் கீழே அந்தத் தண்ணீரால் இறக்க முடியாது. கறந்த சூடு தணிகிறது, இயற்கைக் காப்பு சற்றுக் கூடுதலாகத் தாங்குகிறது, அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் சொசைட்டிக்குப் போகும் பாலுக்கு இது உதவும். இரவைத் தாண்ட வேண்டிய பாலுக்குப் போதாது.

அதே தொட்டித் தண்ணீரில் 5 கிலோ ஐஸ் போட்டால் பாலும் தண்ணீரும் சேர்ந்து 17, 18 டிகிரிக்கு இறங்கும். அந்தக் குளிரில் பாக்டீரியா ஒருமுறை இரட்டிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கும், மேலே ஒரு மூடியும் இருந்தால் குளிர் தங்கும். ஐஸைத் தொட்டியில்தான் போட வேண்டும், பாலில் போடக்கூடாது. பாலில் போட்டால் தண்ணீர் கலந்த பாலாகிவிடும். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததோ, அதன் கிருமியும் கூடவே வரும்.

முன்பு போட்ட கணக்கை ஐஸுடன் மறுபடி பார்க்கலாம். விடியும்வரை ஐந்து, ஆறு முறை இரட்டித்தாலும், சுத்தமான கேனில் இருந்த 10,000 சில லட்சத்தோடு நிற்கிறது. பால் தேறிவிடும். அழுக்குக் கேனின் 10 லட்சமோ மூன்று கோடியைத் தாண்டுகிறது. ஐஸுக்குக் கொடுத்த காசும் வீண். சொசைட்டியின் பல்க் கூலர் 4 டிகிரிக்கு இறக்கினாலும், அதுவரை வளர்ந்ததை அங்கேயே நிறுத்திவைக்கும், இருப்பதைக் குறைக்காது.

சாயங்காலக் குளிர்ந்த பாலோடு காலையில் கறந்த சூடான பாலைக் கலப்பதும் கூடாது. கலந்ததும் மொத்தப் பாலும் வெதுவெதுப்பாகி, இரவெல்லாம் அடங்கிக் கிடந்தவை விழித்துக்கொள்ளும்.

கேனைக் கழுவும் வரிசை

கேன் திரும்பி வந்த உடனேயே, உள்ளே பால் காய்வதற்கு முன், பச்சைத் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பாலின் புரதம் வெந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து சூடான தண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு, நீளக் காம்பு வைத்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். எவர்சில்வர் கேனுக்கு 10 லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சலவைச் சோடா போடலாம். அலுமினியத்தைக் காரம் அரிக்கும் என்பதால் அதற்குப் பாத்திரம் கழுவும் சாதாரண சோப்பே நல்லது. காஸ்டிக் சோடா பக்கமே போகக்கூடாது. மண்ணோ சாம்பலோ போட்டுத் தேய்த்தால் உள்ளே கீறல் விழும். கீறலுக்குள் பிரஷ் போகாது, பால் போகும். பிளாஸ்டிக் குடங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

கை படாமல் தப்பும் இடங்கள் மூன்று: கழுத்தின் உள்வளைவு, மூடியின் ரப்பர் வளையம், அடியோரத்துப் பற்றவைப்பு. ரப்பர் வளையத்தை வாரம் ஒருமுறையாவது கழற்றி முகர்ந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தேய்த்து, அலசி, கடைசியாகக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி வடிக்க வேண்டும். அவ்வளவு வெந்நீருக்கு விறகு இல்லையென்றால் பிளீச்சிங் பவுடர் உண்டு. புதிய பவுடரைத் தட்டையாக இரண்டு டீஸ்பூன் எடுத்து 10 லிட்டர் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் கேனில் சில நிமிடம் உருட்டிக் கொட்டி, குடிக்கிற தண்ணீரால் அலசலாம். ஆனால் பாலின் கறை மிஞ்சியிருந்தால் குளோரின் அந்தக் கறையோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். கழுவாத கேனுக்கு மருந்து போட்டுப் பயனில்லை.

பிறகு மூடாமல், தரையில் படாமல், ஒரு கட்டையிலோ கம்பிச் சட்டத்திலோ கேனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கழுவிய கேனை ஈரத்தோடு மூடி வைப்பதால்தான் பாதி உழைப்பு வீணாகிறது. நன்றாகக் காய்ந்த கேனின் உள்பக்கம் வெள்ளை பூத்தாற்போல இருந்தால், அது பாலின் உப்பும் புரதமும் சேர்ந்து படிந்த பால்கல். சோடாவுக்கு அசையாது. வினிகர் கலந்த வெந்நீரால் தேய்த்துக் கரைத்து, நன்றாக அலச வேண்டும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க

எல்லாம் செய்தும் பால் திரிகிறது என்றால், மூன்று எவர்சில்வர் டம்ளரைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சில பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, காம்பிலிருந்து நேராக ஒரு டம்ளரில் பிடியுங்கள். வாளியிலிருந்து, வடிகட்டும் முன், இரண்டாவது. கேனில் ஊற்றியபின் அதிலிருந்து மூன்றாவது. மூன்றையும் மூடி, ஒரே இடத்தில் வைத்து, நான்கு மணி நேரம் கழித்து, பிறகு மணிக்கு ஒருமுறை, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டிப் பால் எடுத்துக் கொதிக்க வையுங்கள். கரண்டியும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் முக்கியதாக இருக்கட்டும்.

மூன்றாவது முந்திக்கொண்டு திரிந்தால் துணியையும் கேனையும் பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட சேர்ந்தே திரிந்து, முதலாவது தாக்குப்பிடித்தால் வாளியும் கறப்பவர் கையும்தான் காரணம். மூன்றும் ஒன்றுபோலச் சீக்கிரம் திரிந்தால் காம்பு சுத்தமில்லை, அல்லது மடிநோய் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஏறிவிட்ட புளிப்பை மறைக்கச் சமையல் சோடா போடுவதும், கெடாமலிருக்க ஹைட்ரஜன் பெராக்சைடோ ஃபார்மலினோ விடுவதும் கலப்படம், சோதனையில் பிடிபடும். சோடா அமிலத்தை மட்டுப்படுத்துமே தவிர, பெருகிய பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. ஐஸுக்கும் வழியில்லை, சாயங்காலமே வாங்கவும் ஆளில்லை என்றால், பால் நல்லதாக இருக்கும்போதே காய்ச்சி உறை ஊற்றிவிடலாம். காலையில் பாலாக விற்க முடியாவிட்டாலும் தயிராக விலை போகும்.