தை மாதக் கல்யாணத்துக்கு ஆவணியில் ஒரு கடிதம்

டிக்கோயாவில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்தால், முதல் வேலை ஹட்டனுக்கு ஓடி மண்டபம் பிடிப்பது. மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் தை மாத ஞாயிறுகளுக்கு அவ்வளவு போட்டி. முற்பணம் கட்டி, பவுன் விலை விசாரித்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் கேட்பார்: "ஆமா, பிள்ளைக்கு லீவு கெடைச்சிருச்சா?"

தோட்டத்து வேலையில் இது இவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததில்லை. பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றைக்குச் செக்ரோலில் பேர் விழாது, பேர் இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அம்மா அப்பாவுக்குத் தெரிந்த லீவு இதுதான். மகளோ கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அவள் இரண்டு இடத்தில் கேட்க வேண்டும்: தன் முகாமையாளரிடமும், மனிதவளப் பிரிவிடமும்.

அப்படி ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஆகஸ்டில் வேலைக்குச் சேர்ந்தவள். கல்யாணம் 2027 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை அரை நாள் வேலை.

முதலில் ஒரு ஏமாற்றம். இலங்கையில் கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கச் சட்டத்தில் திருமண விடுமுறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பிரான்சில் 4 நாள், வியட்நாமில் 3 நாள் சம்பளத்தோடு சட்டமே கொடுக்கிறது. இங்கே கம்பனி தானாக மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. நியமனக் கடிதத்தையும் ஊழியர் கைநூலையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. மற்றபடி வருடாந்த லீவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அந்த வருடாந்த லீவு எத்தனை நாள் என்பது, சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. சேர்ந்த வருடத்தில் வருடாந்த லீவு இல்லை. அடுத்த வருடத்தில், முந்தைய வருடம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14 நாள், ஏப்ரல் முதல் ஜூனுக்குள் என்றால் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் என்றால் 7, அதற்குப் பிறகு என்றால் 4. மூன்றாவது வருடத்திலிருந்து எல்லோருக்கும் 14. நம் பெண் ஆகஸ்டில் சேர்ந்தவள் என்பதால் 2026இல் அவளுக்கு 7 நாள்தான். 2027 பிறந்ததும் 14. கல்யாணத்தை மார்கழிக்கு முன்னால் வைத்திருந்தால் ஏழுக்குள் நெருக்கியடித்திருக்க வேண்டும். தை அந்த வகையில் அவளுக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது, ஜோசியர் அதை யோசித்திருக்கமாட்டார் என்றாலும்.

இனி நாட்காட்டி. ஜனவரி 22 வெள்ளி, துருது போயா. அது எப்படியும் விடுமுறை. 20ஆம் திகதி புதன் மாலை வேலை முடிந்து பஸ் ஏறினால் அவிசாவளை, கினிகத்தேனை வழியாக இரவே ஹட்டன் வந்துவிடலாம். வியாழன் ஒரு நாள் லீவு. வெள்ளி போயா. சனி அரை நாள். ஞாயிறு கல்யாணம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். மறுவீடு, மாப்பிள்ளை பக்கத்து விருந்து எல்லாம் அதற்குள் அடங்கும். அடுத்த சனி இன்னொரு அரை நாள். பெப்ரவரி 1 திங்கள் காலை மேசையில் இருக்கலாம். கூட்டினால் லீவு ஏழு நாள், வீட்டில் இருப்பது பதினொரு நாள். சில அலுவலகங்கள் சனியை முழு நாளாகக் கழிக்கும். எப்படிக் கழிக்கிறார்கள் என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஏழு நாளைத் தொடர்ச்சியாகக் கேட்க அவளுக்கு ஒரு பிடியும் இருக்கிறது. வருடாந்த லீவில் குறைந்தது ஏழு நாளை ஒரே தொடராக எடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எந்த ஏழு நாள் என்பதை ஊழியரும் முதலாளியும் பேசி முடிவு செய்ய வேண்டும். பதினான்கு நாள் அவளுடையது. ஜனவரி 21 அவளுடையது என்று சட்டம் சொல்லவில்லை. கடிதத்துக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான்.

கடிதத்தை முகாமையாளரின் ஊடாக மனிதவளப் பிரிவுக்கு எழுதுவது வழக்கம். கல்யாணத்தின் விவரங்கள் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மிச்சம் இப்படி இருக்கலாம்:

"எனது திருமணம் 2027 ஜனவரி 24 அன்று ஹட்டனில் நடைபெற நிச்சயிக்கப்பட்டுள்ளது. 2027ஆம் ஆண்டுக்கு எனக்குரிய வருடாந்த விடுமுறையிலிருந்து ஜனவரி 21 முதல் 30 வரை ஏழு நாட்களை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பெப்ரவரி 1 அன்று கடமைக்குத் திரும்புவேன். மாத இறுதிக் கணக்குக்கான வங்கி ஒப்பீட்டை 20ஆம் திகதி வரை முடித்து, எஞ்சியதை உடன் வேலைசெய்பவரிடம் ஒப்படைப்பேன், அவரும் சம்மதித்துள்ளார். இத்திகதிகளுக்கான அனுமதியை எழுத்தில் தருமாறு வேண்டுகிறேன்."

மாத இறுதி என்ற வார்த்தையை அவளே எழுதிவிட்டதைக் கவனியுங்கள். கணக்குப் பிரிவு முகாமையாளர் ஜனவரி 25 முதல் 30 வரை என்று பார்த்ததும் முதலில் யோசிப்பது அதைத்தான். அவர் கேட்கும்வரை காத்திருந்தால் அது மறுப்புக்குக் காரணமாகிவிடும். அவளே எழுதினால் வேலைப் பங்கீடாகிவிடும்.

அடுத்த சிக்கல் வருடம். ஆவணியில் கேட்கும்போது 2027இன் லீவுக் கணக்கை மனிதவளப் பிரிவு இன்னும் திறந்திருக்காது. "ஜனவரியில் போடுங்க, பார்க்கலாம்" என்று பதில் வரும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கணினியில் அந்த வருடத்துக்கு இடமே இருக்காது. அதனால்தான் படிவத்துக்குப் பதில் கடிதம். திகதிகளுக்கு இப்போதே எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, புது வருடம் பிறந்து முதல் வேலை நாளில் படிவத்தை நிரப்பி அந்தச் சம்மதத்தின் பிரதியை இணைத்துக் கொடுக்கிறாள். முகாமையாளர் இடையில் மாற்றலாகிப் போனாலும் காகிதம் இருக்கும். "போயிட்டு வாம்மா, சந்தோசம்" என்று வாயால் சொன்னவர் போய்விட்டால், புதியவருக்கு அது தெரியாது. வந்த பதிலில் 21, 30 என்ற திகதிகள் இல்லாமல், கடிதம் கிடைத்தது என்று மட்டும் இருந்தால், அனுமதி இன்னும் வரவில்லை என்றே எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் மறுபடி கேட்க வேண்டும்.

தற்செயல் லீவு ஏழு நாளைக் கல்யாண வாரத்தில் தொடாமல் வைத்திருப்பது புத்தி. அதில் ஒரு நாள் பதிவாளரிடம் போகத் தேவைப்படும். பொதுத் திருமணச் சட்டப்படி அறிவித்தல் கொடுத்து 12 நாள் கழிய வேண்டும், கொடுத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் பதிவு முடிய வேண்டும். மண்டபத்திலேயே அன்றைக்குக் கையெழுத்து என்றால் ஜனவரி முதல் வாரத்திலாவது கொடுத்துவிட வேண்டும். விசேட அனுமதிப்பத்திரம் எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை, செலவு கூடும்.

மறுத்துவிட்டால்? எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். 21ஆம் திகதியும் 23ஆம் திகதி அரை நாளும் விடமுடியாதவை. பின்பாதியில் இடம் உண்டு: வியாழன் 28 அன்றே திரும்பி மாத இறுதியை முடித்துக்கொடுத்து, அதில் மிஞ்சும் நாட்களை பெப்ரவரி 4 சுதந்திர தின விடுமுறையை ஒட்டி எடுக்கலாம். ஏழு நாள் தொடரை வருடத்தில் வேறு சமயம் எடுக்க இன்னும் ஏழு நாள் கையில் இருக்கும். இதையும் பேசும்போது சொல்லலாம். கடிதத்தில் முதலிலேயே எழுதிவிட்டால் அதுதான் கிடைக்கும்.

மாப்பிள்ளை வேறு கம்பனியில் என்றால் அவரும் இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும். அவர் நவம்பரில் சேர்ந்திருந்தால் அடுத்த வருடம் அவருக்கு நான்கே நாள். அது தெரியாமல்தான் பல வீட்டில் மறுவீட்டு விருந்துக்கு நாள் குறிக்கிறார்கள்.