படம் எங்கே போயிற்று?

சென்ற பருவத்தில் எங்கள் இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் பெரும்பாலோரை ஒரு சிறு கணக்கு ஏமாற்றிவிட்டது. விரிவுரையாளர் வீட்டுக் கணக்குகளை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். மின்னஞ்சல் பார்க்கும் பழக்கம் பலருக்கு இல்லை. ஆகவே மடலைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வகுப்பின் அரட்டைக் குழுவில் ஒட்டினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோருக்கு வீட்டில் ஐயம் கேட்க ஆளில்லை. குழுவில் வருவதே எங்களுக்குப் பாடம். கணக்கு இதுதான்:

“10 ஓம், 10 ஓம், 20 ஓம் மின்தடைகள் மூன்று ஒரு 10 வோல்ட் மின்கல அடுக்குடன் இணைக்கப்பட்டுள்ளன. மின்கல அடுக்கிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கணக்கிடுக.”

மூன்றையும் தொடரிணைப்பாகக் கொண்டோம். மொத்தம் 40 ஓம்; மின்னோட்டம் 0.25 ஆம்பியர். ஏடுகள் திரும்பி வந்தபோது எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு! மூல மடலில் கேள்விக்குக் கீழே ஒரு சுற்றுப்படம் இருந்தது. அதில் இரண்டு 10 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருந்தன. அவற்றின் தொகுபயன் 5 ஓம். அதனுடன் 20 ஓம் சேர 25 ஓம். சரியான விடை 0.4 ஆம்பியர்.

கேள்வி அரைகுறையாகத் தெரிந்திருந்தால் யாரேனும் கேட்டிருப்பார்கள். படம் போன பிறகும் அது முழுமையான கேள்வி போலவே நின்றதுதான் தீங்காயிற்று. அந்தப் படம் எங்கே போயிற்று என்று தேடியதில் நான் கண்டதை இங்கே சொல்ல விழைகிறேன்.

மடலுக்குள் படம் இருக்கும் விதம்

திரையில் நாம் காணும்போது எழுத்தும் படமும் ஒரே தாளில் இருப்பதாகத் தோன்றுகிறது. உண்மையில் அவை தனித்தனிப் பகுதிகள். பல மின்னஞ்சல் செயலிகளில் மடலின் மூல வடிவத்தைக் காண வழி உண்டு. அதைத் திறந்தால், தலைப்பு வரிகள் போக, ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
Content-Type: multipart/related; boundary="b1"

--b1
Content-Type: text/html

<p>...</p> <img src="cid:padam1@mail">

--b1
Content-Type: image/png
Content-ID: <padam1@mail>
Content-Transfer-Encoding: base64

iVBORw0KGgo...
--b1--
```

முதற்பகுதி கேள்வியின் எழுத்து. படம் வர வேண்டிய இடத்தில் படம் இல்லை. “padam1@mail என்ற பெயருள்ள பகுதியை இங்கே காட்டு” என்ற குறிப்பு மட்டுமே உள்ளது. படம் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. தொடக்க கால மின்னஞ்சல் எளிய ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்க வல்லது. 1992இல் வகுக்கப்பட்ட ‘மைம்’ என்னும் முறை பிறவற்றையும் மடலில் அனுப்ப வழி செய்தது. இதன்படி படத்தின் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதப்படுகிறது. பி.என்.ஜி. வகைப் படம் எதுவாயினும் இம்முறையில் `iVBORw0KGgo` என்றே தொடங்கும்.

மடலைத் திறக்கும் செயலி இவ்விரண்டு பகுதிகளையும் சேர்த்து நமக்குக் காட்டுகிறது. அந்தச் சேர்க்கை அதன் திரையோடு சரி.

நகலெடுக்கும்போது நடப்பது

‘நகலெடு’ என்று கட்டளையிட்டதும், தேர்ந்தெடுத்த பகுதி கிளிப்போர்டு என்னும் தற்காலிக இடத்திற்குச் செல்கிறது. பெரும்பாலும் அது ஒரே வடிவில் செல்வதில்லை. வெறும் எழுத்தாக ஒரு வடிவம், அமைப்புக் குறிகளோடு கூடிய எச்.டி.எம்.எல். வடிவம் ஒன்று என ஒரே செய்தி பல வடிவங்களில் வைக்கப்படுகிறது. ஒட்டும் இடத்திலுள்ள செயலி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். அரட்டைச் செயலியின் தட்டச்சுப் பெட்டி பெரும்பாலும் வெறும் எழுத்தையே எடுக்கும்.

வெறும் எழுத்து என்பது எண்களின் வரிசை. ‘அ’ என்ற எழுத்துக்கு யூனிகோடில் U+0B85 என்ற எண் உண்டு. ஒரு சுற்றுப்படத்திற்கு அப்படி எண் ஏது? 2013 ஜூலையில் நம் நாட்டில் நின்றுபோன தந்திச் சேவையை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் வாசகத்தைத் தந்தியில் அடிக்கலாம். கடிதத்தோடு குத்தியிருந்த புகைப்படத்தை அடிக்க முடியாது. இதுவும் அதுவே. சில சமயம் படம் இருந்த இடத்தில் U+FFFC என்ற குறி வரும். அது சிறு கட்டம் போலத் தெரியலாம். ‘இங்கே ஏதோ இருந்தது’ என்பதற்கு அது அடையாளம். பல நேரங்களில் அதுவும் வராது.

எச்.டி.எம்.எல். வடிவத்தை ஏற்கும் இடங்களிலும் படம் வந்து சேரும் என்ற உறுதி இல்லை. `cid:padam1@mail` என்ற முகவரி அந்த மடலுக்குள் மட்டுமே பொருள் உடையது. “மூன்றாம் மாடி, இரண்டாம் அறை” என்று சொல்லிவிட்டு எந்தக் கட்டடம் என்று சொல்லாமல் விட்டால் எப்படியோ, அப்படி. உலாவியில் மடலைப் படிக்கும்போது படத்திற்கு இணைய முகவரி ஒன்று அமைவதுண்டு. ஆனால் மடலுக்குரியவரின் கடவுச்சொல் இன்றி அது திறவாமல் போகலாம்.

பி.டி.எஃப். கோப்பில் வேறு கதை

பி.டி.எஃப். கோப்பு, பக்கத்தை வரைவதற்கான கட்டளைகளின் தொகுப்பு:

```
BT /F1 12 Tf 72 700 Td (R = 10) Tj ET
q 200 0 0 120 72 540 cm /Im1 Do Q
```

முதல் வரி எழுத்தை அச்சிடுகிறது. இரண்டாம் வரி `Im1` என்ற படத்தை அதன் இடத்தில் வைக்கிறது. சுட்டியை இழுத்துத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலான செயலிகள் முதல் வகைக் கட்டளைகளிலுள்ள எழுத்துகளை மட்டுமே திரட்டுகின்றன.

சுற்றுப்படங்கள் பல இந்த இரண்டாம் வகையில்கூடச் சேர்வதில்லை. இங்கிருந்து அங்கே ஒரு கோடு, அங்கிருந்து இங்கே ஒரு கோடு என்று கோட்டுக் கட்டளைகளாகவே அவை எழுதப்பட்டிருக்கும். எடுத்துக்கொள்ள ‘படம்’ என்று தனிப்பொருளே அங்கில்லை. ஆனால் மின்தடைகளின் அருகே எழுதிய மதிப்புகள் எழுத்துகளாகவே இருப்பதால், அவை மட்டும் பிரிந்து வந்துவிடும். ஒட்டிய செய்தியில் தொடர்பின்றி “10 10 20” என்று எண்கள் சிதறிக் கிடந்தால், அங்கே படம் ஒன்று தொலைந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

செய்யத்தக்கது

படத்தைத் தனியே நகலெடுத்து ஒட்டினால் அது பெரும்பாலும் சென்று சேரும். கிளிப்போர்டில் அப்போது பட வடிவம் இருக்கிறது. கோட்டுப் படமாயின் திரையைப் படம்பிடித்து அனுப்பலாம். பி.டி.எஃப். என்றால் கோப்பையே அனுப்புவது இன்னும் நன்று. எப்படி அனுப்பினாலும், மூலத்தில் எத்தனை படங்கள், ஒட்டியதில் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நான் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.

விரிவுரையாளர்களுக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. கேள்வியில் “படத்தில் காட்டியபடி” என்ற இரு சொற்களைச் சேர்த்துவிட்டால், படம் வழியில் தொலைந்தாலும் அது இருந்தது என்ற செய்தி தொலையாது. எங்கள் விரிவுரையாளர் அடுத்த மடலில் அப்படியே எழுதினார். அதை ஒட்டிய இரண்டாம் நிமிடமே ஒரு தோழி குழுவில் கேட்டுவிட்டாள்: “படம் எங்கே?”